உரமும் பாசனமும் ஒன்றானால்... அது என்ன ‘ஃபெர்டிகேஷன்’?

சொட்டுநீர் போட்ட தோட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை, ‘ஃபெர்டிகேஷன்’. ஃபெர்டிலைசர், இரிகேஷன் என்ற இரண்டு வார்த்தைகளின் ஒட்டு இது. தமிழில் உரப்பாசனம் என்கிறார்கள். உரத்தைத் தண்ணீரில் கரைத்து, சொட்டுநீர்க் குழாய் வழியாகவே வேருக்கு அனுப்புவதுதான் விஷயம். வார்த்தைகள் ஒட்டிக்கொண்டதைப் போலவே வேலையும் ஒட்டிக்கொள்கிறது. இனி தண்ணீரில் நடக்கும் தவறு, உரத்திலும் நடக்கும்.

ஒரு கணக்கு பார்ப்போமா? ஒரு ஏக்கர் தக்காளிக்கு இன்று 2 கிலோ தழைச்சத்து கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவிகிதம். அப்படியானால் சுமார் 4 கிலோ 350 கிராம் யூரியா தேவை. அதை 30 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். கரையும்போது டிரம் சில்லிட்டுப்போகும்; அது யூரியாவின் இயல்பு, பயப்பட வேண்டாம். உங்கள் வென்சுரி மணிக்கு 60 லிட்டர் உறிஞ்சினால், 30 லிட்டரும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

மோட்டார் ஒரு மணி நேரம் ஓடும் என்றால், முதல் 15 நிமிடம் வெறும் தண்ணீர். எல்லாக் குழாய்களும் நிரம்பி, அழுத்தம் சீராகட்டும். அடுத்த 30 நிமிடம் உரம். கடைசி 15 நிமிடம் மறுபடியும் வெறும் தண்ணீர். இதைத் தவிர்த்தால் உரம் குழாயிலேயே தங்கி, பாசி பிடித்து, துளைகள் அடைபடும். மாறாக, உரம் போன பிறகும் மணிக்கணக்கில் தண்ணீர் ஓடினால், யூரியா வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். காசு மண்ணுக்கு!

எல்லாச் செடிக்கும் சமமாகப் போகிறதா என்று அறிய ஒரு டம்ளர் போதும். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவானின் கீழே 3 நிமிடம் வைத்தால் 200 மில்லி சேர வேண்டும். முதல் சொட்டுவானில் 200, கடைசியில் 150 என்றால், கடைசிச் செடிக்கு முக்கால் பங்கு தண்ணீர்தான், முக்கால் பங்கு உரம்தான். குழாயின் கடைசி மூடியைத் திறந்து அழுக்கை வெளியேற்றுங்கள், ஃபில்டரைக் கழுவுங்கள். பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

இன்னொன்று முக்கியம். கால்சியம் நைட்ரேட்டை, பாஸ்பேட் அல்லது சல்பேட் உள்ள உரத்துடன் ஒரே டிரம்மில் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து கரையாத வெள்ளைப் பொடியாகப் படிந்து, சொட்டுவானை அடைத்துவிடும். சந்தேகமாக இருந்தால், கலக்கப்போகும் அதே விகிதத்தில், அதே கிணற்றுத் தண்ணீரில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து, சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். கலங்கினாலோ அடியில் படிந்தாலோ, இரண்டையும் வேறு வேறு நாளில் விடுங்கள்.