வீட்டுத் தறிக்கு விடுப்பு இல்லையா?

26 வாரச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு என்று பெருமை பேசுகிறோம். யாருக்கு?

1961 சட்டமும் 2017 திருத்தமும் வகுத்த கணக்கு இது: முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் பிரசவத் தேதிக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். எட்டு வாரத்துக்கு முன் விடுப்பில் போனவருக்கு, குறித்த நாளுக்கு ஆறு வாரம் முந்தியே குழந்தை பிறந்தால் செலவானது 2 வாரம்தான். மீதி 24 குழந்தையோடு. விடுப்பே தொடங்காதவருக்கு 26-ம் அப்படியே இருக்கும். குறைப்பிரசவத்தால் உடல்நலம் கெட்டால் சான்று காட்டி இன்னும் ஒரு மாதம் சம்பளத்தோடு பெறலாம். (எந்த மேலாளரும் இதைத் தானாக வந்து சொல்லமாட்டார்.)

ஆரணியில் வீட்டுத் தறியில் பட்டு நெய்யும் பெண்ணுக்கு இதில் ஒரு நாளும் இல்லை. பாவு முதலாளியுடையது, கூலி சேலைக்கு இவ்வளவு. ஆனால் அவள் வீடு 'நிறுவனம்' ஆகாதாம். எட்டாம் மாதத்தில் குழந்தை பிறந்தால் பாவு பாதியில் நிற்கும், கூலியும் நிற்கும். நூல் சுற்றித் தரும் மனைவிக்கோ தனிக் கூலியே கிடையாது.

வீட்டில் வேலை செய்பவரைச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது என்பது பொய். வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களுக்கும் பேறுகாலச் சட்டம் பொருந்தும் என்று 1966-லேயே பீடித் தொழிலாளர் சட்டத்தில் எழுதினார்கள். பட்டு முதலாளிகளுக்கு மட்டும் ஏன் விலக்கு?