ஸ்லைடு மாறினால் சாப்டர் மாறுமா?

ஒரு சிறப்புரையின் பதிவை யூடியூபில் திறக்கிறீர்கள். 42 நிமிடம். உங்களுக்கு வேண்டியது அதில் மூன்றே நிமிடம். கீழே விவரணையில் நேரக்குறிப்புப் பட்டியல் இருக்கிறது, ஆனா அதைப் படிச்சா இப்படி இருக்கு: "அறிமுகம்", "அடிப்படைகள்", "அடிப்படைகள் (தொடர்ச்சி)", "அடிப்படைகள் (தொடர்ச்சி)", "நன்றி". இதை வைத்துக்கொண்டு எங்கே கிளிக் செய்வீர்கள்? கடைசியில் விரலால் தள்ளித் தள்ளித்தானே தேடுவோம்?

இந்தப் பட்டியல் எப்படி உருவானது என்று ஊகிப்பது சுலபம். யாரோ ஒரு வாலண்டியர், பேச்சாளரின் பிபிடியைத் திறந்து, ஒவ்வொரு ஸ்லைடும் திரையில் வந்த நேரத்தைக் குறித்து, பக்கத்தில் அந்த ஸ்லைடின் தலைப்பை ஒட்டியிருக்கிறார். உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் கருத்து இதுதான்: ஸ்லைடு வரிசை சாப்டர் எழுதுவதற்கான தடயம் மட்டுமே. அதையே சாப்டர் பட்டியலாக்கினால் நேரமும் தப்பும், தலைப்பும் தப்பும், பேச்சின் நல்ல பகுதி மொத்தமாகவே விட்டுப்போகும்.

சும்மா சொன்னால் புரியாது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், அதாவது பிஎம்எஸ் பற்றி ஒரு பேச்சு. பதிவு 42 நிமிடம், ஸ்லைடுகள் 19.

முதல் வேலை, ஸ்லைடு எப்போதெல்லாம் மாறியது என்ற பட்டியல். இதைக் கையால் எடுக்கத் தேவையில்லை, எஃப்எஃப்எம்பெக் போதும்:

```
ffmpeg -i pechu.mp4 -vf "select='gt(scene,0.03)',showinfo" -f null - 2> neram.txt
```

`neram.txt` கோப்பில் `pts_time` என்று வரும் எண்கள்தான் மாறிய நேரம், விநாடிக் கணக்கில். 758 என்று வந்தால் 12:38. அந்த 0.03 என்பது, திரை எவ்வளவு மாறினால் "மாறிவிட்டது" என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அளவு. சினிமாக் காட்சிகளுக்கு 0.3 முதல் 0.5 வரை வைப்பார்கள். அதையே இங்கே வைத்தால் பாதி ஸ்லைடு பிடிபடாது, ஏன்னா வெள்ளைப் பின்னணியில் எழுத்து மட்டும் மாறுவது கம்ப்யூட்டர் கண்ணுக்கு ரொம்பச் சின்ன மாற்றம். மூலையில் பேச்சாளரின் முகம் தெரியும் பதிவு என்றால் எதிர்ப் பிரச்சினை வரும். அவர் தலையை ஆட்டினாலும் கணக்கில் சேரும். அப்போது ஸ்லைடு இருக்கும் பகுதியை மட்டும் `crop` செய்துவிட்டு ஓட்டுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் 33 நேரங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 19 ஸ்லைடுக்கு 18 மாற்றம்தானே வரணும்? மீதி 15 எங்கிருந்து வந்தது? 9-ஆம் ஸ்லைடில் ஆறு வரிகள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன, அது 6. 17-ஆம் ஸ்லைடுக்குள் ஒரு வீடியோ ஓடுகிறது, அதில் காட்சி 7 முறை மாறுகிறது. நடுவில் பேச்சாளர் மேசையில் பேட்டரி பேக்கை வைத்துச் செய்து காட்டுகிறார், பிறகு விளக்குவதற்காக 10-ஆம் ஸ்லைடுக்குத் திரும்பிப் போகிறார், அதில் 2. அப்புறம் நேராக 17-க்குத் தாவுகிறார். ஆக, கருவி சொல்வது "திரை மாறியது" என்பதை மட்டும். "பேச்சு மாறியது" என்பது அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

இப்போது ஸ்லைடுகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். 1 முதல் 3 வரை தலைப்பு, பேச்சாளர் அறிமுகம், பொருளடக்கம். மூன்றும் சேர்ந்து ஒரே சாப்டர். பொருளடக்க ஸ்லைடைப் பார்த்து பட்டியல் போடும் ஆசை வரும், வேண்டாம். அது அவர் பேச நினைத்தது, பேசியது இல்லை. 4, 5, 6 மூன்றுக்கும் ஒரே தலைப்பு, `Li-ion Basics`, இரண்டில் மட்டும் `(contd.)`. இதுவும் ஒன்றாகிறது. 18-ஆம் ஸ்லைடு சுருக்கம், முக்கால் நிமிடம்கூட இல்லை. தனியாகப் போடத் தேவையில்லை.

சேர்ப்பது மட்டுமில்லை, சில இடத்தில் பிரிக்கவும் வேண்டும். 15-ஆம் ஸ்லைடின் தலைப்பு வெறும் `SOC`. அது திரையில் நிற்கும்போதே பேச்சாளர் இரண்டு விஷயம் பேசுகிறார். முதலில், உள்ளே போகும் வெளியே வரும் மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்து சார்ஜ் சதவீதத்தைக் கணக்கிடும் கூலும் கவுண்டிங். பிறகு 22:05-இல், எல்எஃப்பி பேட்டரியில் மின்னழுத்தத்தைப் பார்த்துச் சதவீதம் சொல்வது ஏன் கஷ்டம் என்பது. அந்த வகை செல்லில் நடுப்பகுதி முழுக்க மின்னழுத்தம் ஏறக்குறைய சமமாகவே இருக்கும், அதனால் 70 சதவீதமா 40 சதவீதமா என்று மின்னழுத்தத்திலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். ப்ராஜெக்ட் செய்பவருக்கு இந்தப் பேச்சில் அதிகம் தேவைப்படும் இடமே இதுதான். ஆனா ஸ்லைடு மாறவே இல்லை! ஸ்லைடு கணக்கை மட்டும் நம்பியவர் பட்டியலில் இந்த இடம் இருக்காது.

அடுத்து நேரம். பேலன்சிங் ஸ்லைடு வருவது 12:38-இல். அதற்கு முன்பே, 12:27-இல், "இப்போ பதினாலு செல்லுல ஒண்ணு மட்டும் முன்னாடியே நிரம்பிடுச்சுன்னா என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சாளர் பொத்தானை அழுத்துகிறார். நீங்கள் 12:38 என்று போட்டால், கேட்பவர் கேள்வியைத் தவறவிட்டு பதிலில் போய் விழுவார். அதனால் ஒவ்வொரு எல்லைக்கும் முன்னால் 20 விநாடி, பின்னால் 20 விநாடி கேளுங்கள். அந்த விஷயத்தின் முதல் வாக்கியம் எங்கே தொடங்குகிறதோ அதுதான் நேரம். சிலர் இதற்கு நேர்மாறு, ஸ்லைடை மாற்றிவிட்டு பழைய விஷயத்தையே அரை நிமிடம் பேசி முடிப்பார்கள். இரண்டுக்கும் காதுதான் தீர்வு.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு கடைசியில் இருக்கிறது. `Thank You` ஸ்லைடு 31:02-இல் வருகிறது, 42-ஆவது நிமிடம் வரை அப்படியே நிற்கிறது. பதிவில் கால்வாசி! அந்த 11 நிமிடமும் கேள்வி பதில். பேச்சாளர் பிபிடியில் போடாத விஷயங்கள், மாணவர் உண்மையிலேயே திணறும் இடங்கள், எல்லாம் அங்கேதான் வரும். ஸ்லைடு வழிப் பட்டியலில் இது "நன்றி" என்ற ஒரே சொல்லுக்குள் புதைந்துவிடுகிறது. அதைப் பார்ப்பவர் வீடியோ முடிந்துவிட்டது என்று மூடிவிட்டுப் போவார், வேறென்ன செய்வார்?

எல்லாம் சரிசெய்த பிறகு பட்டியல் இப்படி வரும்:

```
0:00 பேச்சாளர், தலைப்பு அறிமுகம்
2:51 லித்தியம் செல்: மின்னழுத்த எல்லை ஏன் மீறக்கூடாது
9:14 14 செல்களைத் தொடராக இணைத்தால் வரும் சிக்கல்
12:27 ஒரு செல் முந்தினால்: பாசிவ் பேலன்சிங்
18:40 சார்ஜ் சதவீதம்: கூலும் கவுண்டிங்
22:05 எல்எஃப்பி-யில் மின்னழுத்தத்தை ஏன் நம்ப முடியாது
25:50 செய்து காட்டல்: பேலன்சிங் நடக்கும்போது அளவீடு
31:16 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யலாமா? (கேள்வி)
34:32 பழைய பேக்கில் ஒரு செல்லை மட்டும் மாற்றலாமா? (கேள்வி)
38:20 மினி ப்ராஜெக்ட் பேக்கில் பாதுகாப்பு (கேள்வி)
```

33 நேரங்கள் பத்து வரியாகிவிட்டன. பேலன்சிங் இரண்டு இடத்தில் வருகிறது, ஆனால் ஒன்று விளக்கம், மற்றொன்று அளவீடு என்று படித்தவுடனே தெரிகிறது. "அடிப்படைகள்" என்ற சொல்லே இல்லை. தேடி வருபவர் மனதில் என்ன சொல் இருக்குமோ, அதுதான் தலைப்பில் இருக்க வேண்டும்.

யூடியூபின் விதிகளையும் கவனியுங்கள். முதல் வரி 0:00-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று வரிகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு சாப்டரும் குறைந்தது 10 விநாடி ஓட வேண்டும். முதல் வரியை 0:05 என்று போட்டால், நேரங்கள் வெறும் லிங்க்காக இருக்கும், வீடியோவின் கோடு சாப்டர்களாகப் பிரியாது.

பதிவேற்றிய பிறகு நேரம் தப்பாக இருந்தால், தப்பின் வடிவத்தைப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். எல்லா நேரமும் ஒரே அளவு தள்ளி இருந்தால், யாரோ தொடக்கத்தில் மைக் செக்கை வெட்டியிருக்கிறார்கள். பாதி வரை சரி, அதன்பிறகு எல்லாம் ஒரே அளவு தள்ளி என்றால் நடுவில் வெட்டு விழுந்திருக்கிறது. போகப் போகப் பிழை கூடிக்கொண்டே போனால், நீங்கள் ஃப்ரேம் எண்ணை ஒரு நிலையான வேகத்தால் வகுத்து நேரம் கண்டுபிடித்திருக்கலாம். திரைப் பதிவுகள் பலவற்றில் ஃப்ரேம் வேகம் சீராக இருக்காது, அதனால்தான் `pts_time`-ஐ எடுக்கச் சொன்னேன். முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றே: எடிட்டிங் முழுக்க முடிந்த கோப்பில் மட்டும் நேரம் எடுங்கள்.

"ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டால்தானே எதுவும் விடுபடாது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சமன்பாட்டைப் படிப்படியாக வருவிக்கும் வகுப்புக்கு அந்த வாதம் ஓரளவு சரி, அங்கே ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு படி. அதற்கு ஸ்லைடு எண்ணும் நேரமும் கொண்ட தனிப் பட்டியலை பிபிடியுடன் சேர்த்துக் கொடுங்கள். விவரணையில் இருக்க வேண்டியது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லும் பட்டியல்.

நேரம் அதிகம் ஆகுமா? பத்து எல்லைகளுக்கு 40 விநாடி வீதம் ஏழு நிமிடத்துக்கும் குறைவு. செய்முறைப் பகுதியையும், ரொம்ப நேரம் மாறாமல் நின்ற ஸ்லைடுகளையும், கேள்வி பதிலையும் முழுசாகக் கேட்க இன்னொரு அரை மணி நேரம். ஒருவர் ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒருவர் அரங்கில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டவராக இருக்கட்டும். பதிவை முதன்முறையாகத் திறக்கும் ஜூனியரிடம் பிபிடியை நீட்டி "டைம்ஸ்டாம்ப் போட்டுடு" என்றால், அவர் ஸ்லைடு தலைப்பைத்தான் ஒட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பட்டியல் தேறுமா என்று பார்க்க ஒரு சோதனை. பேச்சுக்கு வராத ஒருவரிடம் வீடியோவைக் காட்டாமல் பட்டியலை மட்டும் கொடுத்து, "என் ஸ்கூட்டர்ல சார்ஜ் 30-லிருந்து திடீர்னு 5-க்கு இறங்குது, இதுல எந்த இடத்தைப் பார்க்கணும்?" என்று கேளுங்கள். அவர் விரல் 18:40 அல்லது 22:05-இல் போய் நின்றால் வெளியிடுங்கள். பட்டியல் முழுக்க அலைந்தால், எந்தத் தலைப்பை மாற்ற வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.