நடை மாறினால் எழுதியவரும் மாறினாரா?

இருநூறு பக்க ஆய்வேடு ஒன்றில் இரண்டாம் இயல் ஒரு குரலிலும் நான்காம் இயல் வேறு குரலிலும் பேசினால், “இதை இருவர் எழுதியிருக்கிறார்கள்” என்று சொல்லத் தோன்றும். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அதையே தீர்ப்பாக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து.

முதலில், எதை எண்ணுவது? கலைச்சொற்களை அல்ல, அவை பாடப்பொருளோடு மாறும். ‘ஆனால்’, ‘எனினும்’, ‘மேலும்’ போன்ற சிறு சொற்களையே எண்ண வேண்டும். எழுதுபவர் அவற்றை யோசிக்காமலே கையாள்கிறார். ஓர் எடுத்துக்காட்டு: 8,000 சொற்கள் கொண்ட இயலில் ‘எனினும்’ 40 முறை வந்தால், அது ஆயிரத்துக்கு 5. 6,000 சொற்கள் கொண்ட மற்றோர் இயலில் 3 முறைதான் வந்தால், ஆயிரத்துக்கு 0.5. பத்து மடங்கு வேறுபாடு! பல சொற்கள் இப்படியே விலகினால் கவனிக்க வேண்டும்.

இம்முறைக்கு நல்ல சான்று உண்டு. 1787-88இல் அமெரிக்காவில் புனைபெயரில் வெளிவந்த அரசியல் கட்டுரைகளில் 12, ஹாமில்டன் எழுதியவையா, மேடிசன் எழுதியவையா என்ற சர்ச்சை நீடித்தது. மோஸ்டெல்லர், வாலஸ் என்னும் புள்ளியியலாளர்கள் சிறு சொற்களை எண்ணி, அவை மேடிசனுடையவை என்று 1964இல் முடிவு கூறினர். ஆனால் அங்கே ஒப்பிட, இருவரும் எழுதியவை என உறுதியாகத் தெரிந்த கட்டுரைகள் இருந்தன.

ஆய்வேட்டில் நிலைமை வேறு. ஆய்வு நெறிமுறை இயலில் “தரவுகள் திரட்டப்பட்டன” என்று எழுதும் அதே மாணவர், முடிவுரையில் “நான் கருதுகிறேன்” என்பார். முதல் இயலுக்கும் கடைசி இயலுக்கும் இடையே மூன்று ஆண்டுகள் ஓடியிருக்கலாம். மேற்பார்வையாளர் ஓர் இயலை மட்டும் அதிகம் திருத்தியிருக்கலாம். ஒருவரே எழுதினாலும் நடை மாறும்.

மறுபக்கமும் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் 1955இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், ஜேக் பூசர் என்பவரின் 1952ஆம் ஆண்டு ஆய்வேட்டிலிருந்து எடுத்த பகுதிகள் இருந்தன. இருவருக்கும் மேற்பார்வையாளர் ஒருவரே, அவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஆய்வாளர்கள் பின்னாளில் மூலத்தைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. உரிய சான்று காட்டாமல் எடுத்தது உண்மை என்று பல்கலைக்கழகக் குழு 1991இல் அறிவித்தது. பட்டம் பறிக்கப்படவில்லை, நூலகப் படியில் ஒரு கடிதம் இணைக்கப்பட்டது.

ஆகவே, நடை மாற்றம் எந்தப் பக்கத்தைத் தோண்ட வேண்டும் என்று மட்டுமே காட்டும். தோண்டியபின் மூலநூல் கிடைக்க வேண்டும். அல்லது எழுதியவரிடம் பழைய வரைவுகளைக் கேட்டு, அந்த இயலை நேரில் விளக்கச் சொல்ல வேண்டும். உங்கள் இடுபணிக்கும் இதுவே பொருந்தும். முதல் வரைவைத் தூக்கி எறியாதீர்கள்; யாரேனும் சந்தேகித்தால் அதுவே உங்கள் சாட்சி.