p < 0.05 என்றால் நாம் வாயை மூட வேண்டுமா?

"ஆய்வே சொல்லிவிட்டது" என்று ஒரு செய்தியைப் பகிர்வது. யாராவது கேள்வி கேட்டால், "p < 0.05 என்று போட்டிருக்கிறதே, பிறகென்ன?" என்று வாயடைப்பது. இப்படிச் செய்பவர்கள் படிக்காதவர்கள் அல்ல. நம் ஆசிரியர்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2015 இல் "கறுப்புச் சொக்லட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும்" என்றொரு செய்தி உலகத்தைச் சுற்றியது. ஜேர்மனியின் பெரிய நாளேடான பில்ட் கூட வெளியிட்டது. ஆய்வு உண்மையாகவே நடந்ததுதான். செய்தவர் ஜோன் பொஹானன் என்ற அறிவியல் ஊடகவியலாளர். ஆட்களை எழுமாறாக மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மாப்பொருள் குறைந்த உணவு. இன்னொரு குழுவுக்கு அதே உணவோடு தினமும் 42 கிராம் கறுப்புச் சொக்லட். மூன்றாவது குழுவுக்கு வழமையான சாப்பாடு. மூன்று வாரம் நடந்தது, கடைசிவரை நின்றவர்கள் 15 பேர். சொக்லட் குழுவுக்கு எடை 10 வீதம் வேகமாகக் குறைந்தது. வித்தியாசம் பொருளுண்மையானது என்றும் வந்தது. பிறகு அவரே வெளியில் வந்து சொன்னார்: இது ஊடகங்களைச் சோதிக்க நான் வைத்த பொறி என்று. ஆனால் ஒரு இலக்கத்தைக் கூட அவர் பொய்யாக எழுதவில்லை.

அப்படியானால் பொறி எங்கே இருந்தது? அவர் அளந்தது எடையை மட்டுமல்ல. கொலஸ்ட்ரோல், சோடியம், நித்திரையின் தரம், மனநிலை என்று 18 விடயங்களை அளந்தார். சொக்லட்டால் எந்தப் பயனும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு அளவீடும் தற்செயலாக 0.05 இற்குக் கீழே விழ 20 இல் ஒரு வாய்ப்பு உண்டு. 18 தடவை முயன்றால்?

1 − 0.95^18 ≈ 0.60

அளவீடுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று வைத்துக்கொண்டால், ஏதோ ஒன்றிலாவது "கண்டுபிடிப்பு" கிடைக்க 60 வீத வாய்ப்பு. எடையில் விழுந்ததால் எடை செய்தியானது. நித்திரையில் விழுந்திருந்தால் "சொக்லட் நல்ல நித்திரை தரும்" என்று வந்திருக்கும். 18 பாடம் எழுதிய பிள்ளை, சித்தியடைந்த ஒரு பாடத்தை மட்டும் வாப்பாவிடம் காட்டுவது போல. நாம் என்றால் மற்றப் பதினேழும் எங்கே என்று கேட்க மாட்டோமா? ஆய்விலும் அதையே கேளுங்கள். 18 ஒப்பீடு செய்தவர், கடுமையான கணக்கின்படி 0.05 ஐ 18 ஆல் பிரித்து, ஏறத்தாழ 0.003 இற்குக் கீழே வந்ததைத்தான் எண்ண வேண்டும்.

அடுத்த தவறு இன்னும் பரவலானது. "p = 0.03, ஆகவே இது உண்மையாக இருக்க 97 வீத வாய்ப்பு" என்பது. பி-பெறுமானம் அதைச் சொல்வதே இல்லை. உண்மையில் எந்த விளைவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. உங்கள் பணப்பையிலுள்ள ஒரு நாணயத்தை எடுங்கள். தலை விழும் என்று சொல்லிவிட்டு ஐந்து முறை சுண்டி, ஐந்தும் தலை விழுந்தால் p = 1/32, அதாவது 0.03. அந்த நாணயம் 97 வீதம் கள்ள நாணயம் என்பீர்களா? கடையில் மாற்றி வந்த சாதாரண நாணயம் என்று உங்களுக்கே தெரியும்.

"சரி, பி-பெறுமானம் மிக மிகச் சிறியதாக இருந்தால்?" அதற்கும் ஒரு சொக்லட் கதை இருக்கிறது. 2012 இல் பிரான்ஸ் மெசெர்லி என்ற இதய மருத்துவர் 23 நாடுகளின் சொக்லட் நுகர்வையும், சனத்தொகைக்கேற்ப நோபல் பரிசு பெற்றோர் தொகையையும் பக்கத்தில் வைத்தார். இணைபுக் குணகம் 0.791, p < 0.0001. அரை வேடிக்கையாக எழுதிய அந்தக் கட்டுரை உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. இந்த இணைபைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். ஆனாலும் சொக்லட் நோபல் பரிசு தராது. வசதியான நாடு சொக்லட்டும் வாங்கும், ஆய்வுகூடமும் கட்டும். பரிசு பெற்றவர்கள் சொக்லட் சாப்பிட்டார்களா என்பதே அந்தத் தரவில் இல்லை. சிறிய பி-பெறுமானம் தற்செயலை மட்டுமே சந்தேகிக்க வைக்கும். காரணம் எது என்பதை அது சொல்லாது.

இது சொக்லட்டோடு முடிவதில்லை. "மேலதிக வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் புள்ளி அதிகம், p < 0.05, ஆகவே எல்லோரும் போக வேண்டும்" என்று ஒருவர் எழுதினால் என்ன செய்வீர்கள்? யார் போகிறார்கள் என்று பாருங்கள். காசுள்ள வீட்டுப் பிள்ளையும், ஏற்கனவே கெட்டிக்காரப் பிள்ளையும்தான் கூடுதலாகப் போகும். எத்தனை பாடங்களை ஒப்பிட்டார், எத்தனையை மறைத்தார் என்று அட்டவணையின் வரிகளை எண்ணுங்கள். அதைக் கேட்காமல் தலையாட்டினால், அந்தத் தவறான வாசிப்புக்குக் காசு கட்டப்போவது கூலிக்குப் போகும் ஒரு வாப்பா.