பழம் கொழுப்பைக் கரையவிடாமல் தடுக்கிறதா? எங்கள் நிலைப்பாடு

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் உடல் எடையைக் குறைக்க ஆலோசனை கேட்டு வருபவர்களில் பலர், முதல் நாளே ஒரு முடிவோடு வருகிறார்கள். சோற்றை அளவோடு வைத்துக்கொள்ளச் சம்மதிப்பார்கள். வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் சப்போட்டாவையும் மட்டும் அறவே விட்டுவிட்டோம் என்பார்கள். பழத்தில் இருப்பதும் சர்க்கரைதானே, அது உள்ளே போனால் கொழுப்பு எப்படிக் கரையும் என்று கேட்பார்கள். கோடையில் மாட வீதிகளில் பங்கனப்பள்ளி குவிந்திருக்கும்போது ஒரு துண்டுகூட வாயில் வைக்காமல் கடந்து போகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் நாட்டுச் சர்க்கரை இரண்டு ஸ்பூன் போட்ட காபியைக் குடிக்கிறார்கள். எடைக் குறைப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வழிகாட்டும் உணவியலாளர்கள் என்ற முறையில் எங்கள் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறோம்: முழுப் பழம் கொழுப்புக் குறைவதைத் தடுப்பதில்லை. செலவாகும் கலோரியைவிட உண்ணும் கலோரி குறைவாக இருக்கும் வரை, நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் வரை பழத்துக்கு அதில் தாராளமாக இடம் உண்டு. பழச்சாறு, தேன், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது.

பழத்தை விட்டால் எடை குறைகிறது என்ற நம்பிக்கை காற்றில் பிறந்ததல்ல. பழத்தையும் இனிப்பையும் சோற்றையும் ஒரே நாளில் நிறுத்துபவருக்கு முதல் வாரத்திலேயே எடைமுள் ஒன்றரைக் கிலோ, சில சமயம் இரண்டு கிலோ இறங்கும். அப்படி இறங்குவதில் பெரும்பகுதி கொழுப்பல்ல, நீர். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியைத் தசையும் கல்லீரலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. மொத்தச் சேமிப்பு அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து சட்டென்று குறைந்தால் சேமிப்பு கரையும், அதனுடன் அந்தத் தண்ணீரும் வெளியேறிவிடும். இரண்டு வாரம் கழித்து ஒரு விசேஷ வீட்டில் இலையில் விழுந்த வாழைப்பழத்தையும் பாயசத்தையும் சாப்பிட்டால், மறுநாள் அதே நீர் திரும்பி வந்து முள்ளை ஒரு கிலோ ஏற்றிவிடும். பழி வாழைப்பழத்தின் மேல் விழுகிறது. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு பூவன் பழத்தில் இருப்பது 70 கலோரி.

அடுத்து வருவது இன்சுலின் பற்றிய வாதம். பழம் இன்சுலினைச் சுரக்கவைக்கிறது, இன்சுலின் சுரக்கும்போது கொழுப்புத் திசு கொழுப்பை வெளியே விடாது, ஆகவே பழம் சாப்பிட்டால் எடை குறையாது என்பது அந்த வாதம். முதல் இரண்டும் உண்மை, முடிவுதான் தவறு. சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு இன்சுலின் கொழுப்பு வெளியேறுவதை அடக்குகிறது. இட்லிக்கும் பருப்புக்கும் மோருக்கும்கூட இது பொருந்தும். பிறகு இன்சுலின் தணிந்ததும், இரவு முழுக்கவும், உடல் தன் கொழுப்பையே எடுத்து எரிக்கிறது. நாள் முடிவில் எவ்வளவு கொழுப்பு போனது என்பதைத் தீர்மானிப்பது மொத்தக் கலோரிப் பற்றாக்குறைதான். இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். 1997-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பருமனான 42 பெண்களுக்கு ஆறு வாரம் ஒரே அளவு குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மொத்தக் கலோரியில் 43 சதவீதம் வெறும் வெள்ளைச் சர்க்கரையிலிருந்து வந்தது, மற்றப் பிரிவுக்கு 4 சதவீதம் மட்டுமே. இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு எடை இழந்தன. இப்படிச் சர்க்கரையை உண்ணச் சொல்வதல்ல எங்கள் நோக்கம். அவ்வளவு சர்க்கரையே கொழுப்பு குறைவதைத் தடுக்கவில்லை என்றால், ஒரு கொய்யாவால் தடுக்க முடியாது என்பதே நாங்கள் சுட்டுவது.

பிரக்டோஸ் பற்றிய எச்சரிக்கை இதைவிடக் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். பழத்தின் இனிப்பில் ஒரு பகுதி பிரக்டோஸ். அதைக் கையாளும் வேலையில் பெரும்பங்கு கல்லீரலுடையது. அளவு மிஞ்சினால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றும். ஆனால் இதைக் காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலும் மக்கள் குடித்தது இனிப்புப் பானம், அதுவும் நாளின் கலோரியில் கால் பங்கு அளவுக்கு. பழத்தையே வைத்துச் செய்த சோதனை மெக்சிகோவில் நடந்தது, 2011-ல் வெளியானது. எடை கூடிய 131 பேரைக் கலோரி குறைத்த உணவில் ஆறு வாரம் வைத்தார்கள். ஒரு பிரிவு பழம் உட்பட எல்லா வழியிலும் பிரக்டோஸை 20 கிராமுக்குள் அடக்கியது. மற்றது பெரும்பாலும் பழத்திலிருந்தே 50 முதல் 70 கிராம் வரை எடுத்துக்கொண்டது. பழம் தின்ற பிரிவு சராசரியாக 4.2 கிலோ குறைந்தது, பழத்தை ஒதுக்கிய பிரிவு 2.8 கிலோ. ஆறு வாரச் சோதனை ஒன்றை வைத்துப் பழம் கொழுப்பைக் கரைக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. தடை என்ற வாதம் அதன் முன் நிற்கவில்லை என்று மட்டும் சொல்கிறோம்.

இனி, சாறு ஏன் வேறு என்பது. தி.நகரில் கடைகளுக்கு ஏறி இறங்கிக் களைத்தவர் ஒரு சாத்துக்குடி ஜூஸ் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பழம் பிழியப்படுகிறது. சக்கை வடிகட்டியில் தங்கி நேராகக் குப்பைக்கூடைக்குப் போகிறது. நான்கு ஸ்பூன் சர்க்கரை விழுகிறது, ஐஸ் விழுகிறது. பழத்தின் இனிப்பும் போட்ட சர்க்கரையும் சேர்ந்து ஏறக்குறைய 200 கலோரி, இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. அதே மூன்று பழத்தைத் தோலுரித்து, சுளை சுளையாக, நாரோடு மென்று தின்ன எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கேள்வியை 1977-ல் 'லான்செட்' இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று ஆப்பிளை வைத்துக் கேட்டது. ஒரே அளவு மாவுச்சத்துள்ள ஆப்பிளை முழுதாகத் தின்ன சுமார் 17 நிமிடம் ஆனது, சாறாகக் குடிக்க ஒன்றரை நிமிடம். முழு ஆப்பிள் அதிகம் வயிற்றை நிறைத்தது. சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் அதிகம் ஏறி, பிறகு ரத்தச் சர்க்கரை கீழே சரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கட்டுப்படுத்தச் சொன்ன சர்க்கரைப் பட்டியலில் தேனும் பழச்சாறும் இருக்கின்றன, முழுப் பழத்தின் சர்க்கரை இல்லை. இயற்கையானது என்பதால் எந்தக் கலோரியும் தள்ளுபடி ஆவதில்லை. காலையில் வெந்நீரில் கலக்கும் ஒரு மேசைக்கரண்டி தேன் 60 கலோரிக்கு மேல், ஒரு பெரிய பப்பாளித் துண்டுக்குச் சமம். வயிறு மட்டும் காலியாகவே இருக்கும்.

அப்படியானால் சென்னையில் எடை எதனால் கூடுகிறது? இதற்கு இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய 'க்யூர்ஸ்' ஆய்வின் ஒரு பகுதி 2009-ல் வெளியானது. அதில் நகரத்தைச் சேர்ந்த 2,042 பேரின் உணவை அளந்து பார்த்தார்கள். தீட்டிய தானியம், நம் ஊரில் பெரும்பாலும் வெள்ளை அரிசி, சராசரியாக ஒரு நாளைக்கு 333 கிராம். மொத்தக் கலோரியில் ஏறக்குறைய பாதி அதிலிருந்தே வந்தது. அதை அதிகம் உண்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் அதிகம் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவுக்கு எல்லாத் தானியமும் சேர்ந்தே 250 கிராம்தான். கலோரியின் பாதி சாதக் கரண்டியில் இருக்கும்போது, மாலையில் ஒரு கொய்யாவைப் பறிப்பதில் என்ன பயன்?

அதே வழிகாட்டுதல் பழத்துக்கு 100 கிராம்தானே ஒதுக்குகிறது, நீங்கள் ஏன் இரு மடங்குக்கு மேல் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த 100 கிராம், தானியத்துக்கு 250 கிராம் கொடுத்த தட்டில் பழத்தின் பங்கு. நாங்கள் சொல்வது, தானியத்தைக் குறைத்து அந்த இடத்தில் பழத்தை வைப்பது. கூடுதலாக அல்ல, பதிலாக. இந்த ஒரு சொல் தவறினால் எங்கள் கணக்கு முழுதும் தவறிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். 45 வயது, 72 கிலோ, 158 சென்டிமீட்டர் உயரம், அலுவலக வேலை, காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் அரை மணி நேர நடை: இப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,850 கலோரி செலவாகும். 1,450-ல் உணவை நிறுத்தினால் மாதம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கொழுப்பு குறையும். மதியம் 300 கிராம் வடித்த சாதம் உண்பவர் அதை 200 ஆக்கினால் 130 கலோரி மிஞ்சுகிறது. காலையில் 150 கிராம் பப்பாளி 60 கலோரி, மாலையில் 120 கிராம் கொய்யா இன்னொரு 60. பழம் 270 கிராம் வந்துவிட்டது, கணக்கு அசையவில்லை. ஐந்து மணிப் பசிக்குப் பஜ்ஜி தேட வேண்டியதும் இல்லை. மாம்பழக் காலத்தில் 400 கிராம் பங்கனப்பள்ளி ஒன்றில் தோலும் கொட்டையும் போகச் சுமார் 270 கிராம் சதை, 160 கலோரி. அன்றைக்குப் பப்பாளியும் கொய்யாவும் வேண்டாம், அதுவே அன்றைய பழம். மோரிஸ் பழம் ஒன்று 110 கலோரியைத் தொடும், பூவனைப் போல அதை எண்ணக்கூடாது. பலாச்சுளை ஒன்று 25 கலோரிதான், ஆனால் யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. எட்டுச் சுளையை எண்ணித் தட்டில் வைத்துவிட்டு மீதியை மூடிவிட வேண்டும். பேரீச்சையும் உலர்திராட்சையும் நீர் வற்றியவை, கையளவிலேயே நூறு கலோரி தாண்டும். அவற்றை இந்த 300 கிராமில் சேர்க்க முடியாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் பழம் தடையில்லை, ஆனால் ஒரே வேளையில் 100 முதல் 150 கிராமுக்கு மேல் வேண்டாம், சாப்பாட்டோடு சேர்த்துக் குவிக்கவும் வேண்டாம். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், சாதத்தைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் அளவைப் பேசிக்கொள்ள வேண்டும். பழம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் எந்தப் பழம் தமக்கு ஒத்துக்கொள்கிறது என்று அவர்களுக்கே தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அறிக்கை பொருந்தாது. பொட்டாசியம் காரணமாக அவர்களுக்குப் பழக் கணக்கே வேறு.

மூன்று வாரமாக எடையும் இடுப்பளவும் அசையவில்லை என்றால் முதலில் பழத்தை நிறுத்த வேண்டாம். வேலை நாள் இரண்டு, ஞாயிறு ஒன்று என மூன்று நாள், வாயில் போவதையெல்லாம் எழுதுங்கள்: காபிச் சர்க்கரை, தோசைக்கல்லில் ஊற்றும் எண்ணெய், குழந்தை மிச்சம் வைத்தது, கோயில் பிரசாதம், பால்கோவா ஒரு விள்ளல். பழத்தைத் தோல் நீக்கித் தராசில் நிறுத்து எழுதுங்கள். அது 300 கிராமைத் தாண்டியிருந்தாலோ, சாதம் குறையாமல் பழம் மட்டும் கூடியிருந்தாலோ, அப்போது பழத்தைக் குறைக்கலாம். இல்லையென்றால், எழுதிய தாளில் எண்ணெய் என்று இருக்கும் வரியில் தொடங்குங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி.