உங்கம்மா எவ்ளோ ஒல்லின்னா…

ஒருவன் இன்னொருவனைப் பார்த்து, "உங்கம்மா எவ்ளோ ஒல்லின்னா, மழை பெய்யும்போது ரெண்டு துளிக்கு நடுவுல நனையாம நடந்து போவாங்க" என்கிறான். சுற்றி நிற்கும் ஏழெட்டுப் பேர் "ஓஓ…" என்று கத்துகிறார்கள். திட்டு வாங்கியவன் கோபப்படவில்லை. ஒரு நொடி யோசித்து, "உங்கம்மா வெளியே வந்து நின்னா அந்தத் தெருவுக்கே மழை விழாது" என்கிறான். இந்த முறை கத்தல் இன்னும் பலமாக வருகிறது. இரண்டு அம்மாக்களும் வீட்டில் சமையலில் இருப்பார்கள். இவர்கள் இருவரும் சாயங்காலம் ஒன்றாகக் கூடைப்பந்து ஆடப் போவார்கள்.

வசனங்கள் கற்பனைதான். ஆனால் விளையாட்டு உண்மை. அமெரிக்கக் கறுப்பினப் பையன்களிடையே பல தலைமுறைகளாக இருந்துவரும் இதற்குப் பரவலாக அறியப்பட்ட பெயர் 'டஸன்ஸ்'. ஊருக்கு ஊர் பெயர் மாறும். நியூயார்க்கில் 'சவுண்டிங்', வாஷிங்டனில் 'ஜோனிங்'. 1939-ல் ஜான் டாலர்ட் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அடக்கி வைத்த ஆத்திரம் வெளியேறும் வடிகால் என்று விளக்கம் சொன்னார். ஆத்திரம் உள்ளவன் வாயைத் திறந்தால் திட்டு வரும், சரி. ஆனால் திட்டு வாங்கியவன் ஏன் சிரிக்கிறான்? வடிகால் விளக்கத்தில் அதற்குப் பதில் இல்லை.

அந்தப் பதிலுக்கு மிக அருகில் போனவர் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர். 1960-களின் நடுவில் அவரும் அவரது குழுவினரும் நியூயார்க்கின் ஹார்லம் பகுதிப் பையன்களின் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். அந்தப் பையன்கள் பள்ளியில் வாசிப்பில் பின்தங்குவது ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வின் நோக்கம். வகுப்பில் வாயே திறக்காதவர்கள், மொழி வளம் இல்லாதவர்கள் என்று அன்றைய கல்வியாளர்கள் பலர் அவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே பையன்கள் தெருவில் நண்பர்களோடு நின்றால் ஒரு வரிக்கு மேல் ஒரு வரியாக அடுக்கினார்கள். அந்த அடுக்கலுக்குள் ஓர் இலக்கணம் இருப்பதை லபோவ் 1972-ல் வந்த தன் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமாக எழுதினார்.

அவர் சொன்னதன் மையம் எளிமையானது. திட்டில் சொல்லப்படும் விஷயம் பொய்யாக இருக்க வேண்டும். பொய்யாக இருந்தால் மட்டும் போதாது. அது பொய் என்பது சொல்பவன், கேட்பவன், சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். மழைத்துளிகளுக்கு நடுவே நடந்து போகும் அம்மா உலகத்தில் கிடையாது. அதனால் அந்த வரியில் யாருடைய அம்மாவும் இல்லை. 'அம்மா' என்ற சொல் அங்கே வெறும் காய், கேரம் போர்டில் இருக்கும் காய் மாதிரி. இவ்வளவு கொடூரமாகப் பேசுகிறார்களே என்று வெளியாள் பதறுகிறார். உள்ளே இருப்பவனுக்கோ, எவ்வளவு கொடூரமோ அவ்வளவு பாதுகாப்பு. பாதிக் கொடூரம்தான் ஆபத்து, ஏனென்றால் பாதிக் கொடூரம் உண்மையாக இருந்துவிடலாம்.

இரண்டாவது விதி இதிலிருந்தே வருகிறது. திட்டுக்குப் பதில் இன்னொரு திட்டு. மறுப்பு கிடையாது, விளக்கம் கிடையாது. "எங்கம்மா ஒல்லி இல்லையே" என்று ஒருவன் சொன்னால் சபை அவனைப் பரிதாபமாகப் பார்க்கும். பொய்யை மறுக்க முனைந்தவுடன் அது உண்மையாக இருக்கக்கூடும் என்று அவனே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. நல்ல ஆட்டக்காரன் எதிராளி எடுத்த பொருளையே எடுத்துத் திருப்பிப் போடுவான். மேலே உள்ள உதாரணத்தில் மழை அப்படியே இருக்கிறது, ஒல்லி மட்டும் குண்டாக மாறியது. புதிதாக ஏதோ ஒன்றைத் தூக்கிப் போடுவதைவிட இது கடினம், சபையும் இதற்குத்தான் அதிகம் கத்தும்.

அந்தச் சபை சும்மா வேடிக்கை பார்க்கும் கூட்டம் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் போடுவது அவர்கள்தான். இருவர் மட்டும் தனியே நின்று இப்படித் திட்டிக்கொண்டால் அது சண்டையா விளையாட்டா என்று சொல்ல மூன்றாவது ஆள் இல்லை. சிரிப்பு வந்தால் 'இது இன்னும் விளையாட்டுதான்' என்று எட்டுப் பேர் கையெழுத்துப் போட்ட மாதிரி.

எங்கே இது உடைகிறது? லபோவின் பதிவுகளிலேயே ஓர் இடம் இருக்கிறது. வழக்கம்போல் போய்க்கொண்டிருந்த ஓட்டலில் ஒரு பையனுடைய அப்பாவின் திக்குவாய் வந்துவிடுகிறது. பதிலுக்கு மற்றவனுடைய அப்பாவின் நரைத்த தலை வருகிறது. இரண்டும் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்த உண்மைகள். உடனே பேச்சின் வடிவமே மாறிவிட்டது. திக்கினால் என்ன இப்போ என்கிறான் ஒருவன். வயசாச்சு, அதனால நரைச்சிருக்கு என்கிறான் மற்றவன். அதுவரை யாரும் எதற்கும் காரணம் சொல்லவில்லை, இப்போது காரணம் சொல்கிறார்கள். குரல் உயர்ந்ததா, முகம் சிவந்ததா என்றெல்லாம் பார்க்கத் தேவையில்லை. பதில் வரவேண்டிய இடத்தில் விளக்கம் வந்தால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். திக்குவாயும் நரையும் மழைத்துளி அம்மாவை விட எவ்வளவோ சாதுவான விஷயங்கள் என்பதைக் கவனிக்கவும். காயப்படுத்தியது அளவு அல்ல, உண்மை.

வறுமையைப் பற்றிய வரிகள் இதில் தனி ரகம். ஹார்லத்தில் பெரும்பாலும் எல்லோருமே ஏழைகள். கரப்பான்பூச்சி இல்லாத வீடு அரிது. அதனால் "உங்க வீட்ல கரப்பான் இருக்கு" என்பது வரியே ஆகாது, வெறும் தகவல். கரப்பான்களுக்கு ரேஷன் கார்டு கொடுக்கும் அளவுக்கு அதை ஊதிப் பெருக்க வேண்டும். ஊதுவதில் சோம்பல்பட்டால் வரி உண்மைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். முதலில் சொன்ன கற்பனை ஆட்டத்தையே தொடர்வோம். மழையில் ஆரம்பித்தாயிற்று, மூன்றாவது வரியாக ஒருவன், "மழை வந்தா உங்க வீட்டுக்குள்ளதான் குடை பிடிப்பீங்க" என்கிறான். நகைச்சுவை இருக்கிறது. ஆனால் எதிராளி பழைய கட்டடத்தின் மேல் மாடியில் குடியிருக்கிறான், கூரை நிஜமாகவே ஒழுகுகிறது, அங்கே நிற்பவர்களில் இரண்டு பேர் அந்த வீட்டுக்குள் போயிருக்கிறார்கள். அந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை. எதிராளி, "ஒரே ஒரு ரூம்லதான் ஒழுகுது" என்கிறான். முடிந்தது. சொன்னவனுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்பதே இல்லை, அவனுக்குக் கூரை விஷயம் தெரியாமல்கூட இருந்திருக்கலாம்.

இந்த விளையாட்டு நெருக்கத்தின் அடையாளம் என்று சொல்லப்படுவதன் பொருள் இதுதான். நெருக்கம் இருப்பதால் திட்டலாம் என்ற உரிமை ஒரு பக்கம். அதைவிட முக்கியம், நெருக்கம் இருந்தால்தான் எது பொய் என்று தெரியும். எதைத் தொடலாம் என்பதை அறிய, தொடக்கூடாதவை அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். யாருடைய அப்பா வீட்டை விட்டுப் போனார், யாருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்ற பட்டியல் மனதில் இல்லாதவன் ஆடத் தகுதியில்லாதவன். 2006-ல் எம்டிவி இதையே 'யோ மம்மா' என்ற பெயரில் போட்டி நிகழ்ச்சியாக்கியது. வரிகளும் சிரிப்பும் அதில் உண்டு. ஆனால் அறிமுகமில்லாத இருவரை மேடையில் நிற்க வைத்தால் மீறாமல் இருக்க அங்கே ரகசியங்களே இல்லை. அது வெறும் வசனப் போட்டி. அடுத்த ஆண்டே நின்றும் போனது.

கறுப்பினத்தவர்களிடம் மட்டும் இருக்கும் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். 1965-லேயே வெள்ளையினப் பள்ளி மாணவர்களிடமும் இது இருப்பதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. நம் கல்லூரி வராந்தாக்களில் நடப்பதற்குக் கலாய்த்தல், ஓட்டுதல் என்று பெயர். இங்கேதான் ஹார்லம் பையன்களின் விதியைக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொருத்தினால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

விடுதிகளில் ஒட்டிக்கொள்ளும் பட்டப்பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பாக இருப்பவனுக்கு நிறத்தை வைத்து ஒரு பெயர், குள்ளமானவனுக்கு உயரத்தை வைத்து, கிராமத்திலிருந்து வந்தவனுக்கு அவன் ஆங்கிலத்தை வைத்து. எல்லாமே உண்மை. லபோவின் கணக்கில் இவை ஆட்டத்துக்குள் வரவே வராது, இவை நேரடி அவமானங்கள். "டேய் மச்சி, சும்மா கலாய்ச்சேன்டா, சீரியஸா எடுத்துக்கிட்டியா?" என்ற வாக்கியம் எப்போது வருகிறது என்று பாருங்கள். ஆட்டம் நன்றாகப் போகும்போது அது வருவதே இல்லை. மழைத்துளி வரிக்குப் பிறகு யாரும் 'சும்மா சொன்னேன்' என்று சொல்ல மாட்டார்கள், சொல்லவே தேவையில்லை. உண்மையைத் தொட்ட பிறகுதான் அந்த வாக்கியம் தேவைப்படுகிறது. சொல்பவனுக்கே உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

சீனியர் ஜூனியரை ஓட்டுவதும் இதே பெயரில்தான் நடக்கிறது. அது வேறு கதை. எதிர்வரி சொல்ல முடியாதவனிடம் ஆடுவதற்குப் பெயர் ஆட்டம் இல்லை. தமிழ்நாட்டில் 1997-லிருந்து அதற்குச் சட்டமே இருக்கிறது, இந்தக் கட்டுரை தேவையில்லை.

இப்படி உடைந்த ஆட்டத்தை ஒட்ட வைக்க முடியுமா? முடியும், ஆனால் அதைச் சொன்னவனால் செய்ய முடியாது. மன்னிப்புக் கேட்டால் ஒழுகும் கூரையைப் பற்றி இன்னும் இரண்டு நிமிடம் பேச வேண்டியிருக்கும். காயப்பட்டவனாலும் முடியாது, அவன் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான். மீதி இருப்பவர்கள் சபைதான். கூட்டத்திலிருந்து மூன்றாவதாக ஒருவன், "ரெண்டு பேரும் நிறுத்துங்கடா. எங்க வீடு எவ்ளோ சின்னதுன்னா, சாவியை உள்ளே விட்டா ஜன்னல் உடைஞ்சுடும்" என்று தன்னையே தூக்கிப் போடுகிறான். அப்படி ஒரு வீடு கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். மேல் மாடிக்காரன்தான் முதலில் சிரிக்கிறான்.