சொல்லுங்கள், அனுமதி கேட்காதீர்கள்

மணவாழ்வை முடித்துக்கொள்ளத் தீர்மானித்த பிள்ளைகள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுகிறார்கள். பெற்றோரிடம் சொல்லத்தான் மாதக்கணக்கில் தயங்குகிறார்கள். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தால், மனு போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். மனுவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்கிறோம் நாம்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மதத்தோடு பிரிய, தம்பதியர் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் பொதுவாக 6 மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அதை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த இடைவெளியில் இருவரில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றாலும் மனு நிற்காது. பெற்றோரின் சம்மதத்தைச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் அவர்களின் கண்ணீர் இந்த மாதங்களில்தான் வேலை செய்கிறது. அப்போது முதன்முறையாகச் செய்தி தெரிந்தால் வீடு கொந்தளிக்கும். ஒருவர் மனம் மாறினால், குற்றச்சாட்டுகளை நிரூபித்துப் போராடும் வழக்குதான் மிச்சம்.

எப்படிச் சொல்வது? திருப்பூரில் பெற்றோர், சென்னையில் ஒன்றரை ஆண்டாக விடுதியில் தனியே இருக்கும் மகள். "எங்களுக்குள்ள ஒத்துவரலைம்மா" என்று அவள் ஆரம்பித்தால், அம்மா அதைச் சண்டை என்றே எடுத்துக்கொள்வார். அன்றிரவே சம்பந்தி வீட்டுக்குப் போன் போகும். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் மாமாவும் பேச உட்காருவார்கள். அவள் சொல்லும் ஒவ்வொரு குறைக்கும் அங்கே ஒரு பரிகாரம் கிடைக்கும்: தனிக்குடித்தனம், குடியை விடுவதாகச் சத்தியம், ஒரு குழந்தை. அதனால் குறைகளில் தொடங்கக் கூடாது. "அப்பா, நாங்க ரெண்டு பேரும் பேசி, பிரியறதுன்னு முடிவு பண்ணிட்டோம். அடுத்த மாசம் மனு போடறோம். மத்தவங்க சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வந்தேன்." இவ்வளவு போதும். அதே நாளில் கணவரும் தன் வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

"தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்பார்கள். அந்தக் கவலை பொய்யல்ல. ஆனால் நிச்சயத்துக்கு முன் மறைத்து, பிறகு தெரியவந்தால் தங்கைக்குத்தான் அதிகச் சங்கடம்.

அடி உதை இருக்கும் வீட்டுக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பான இடம், 181 என்ற உதவி எண். பெற்றோரிடம் பேச்சு அப்புறம்.

பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மகள் சொல்லி முடித்ததும் சம்பந்தியை அழைக்காதீர்கள். நீங்கள் போட்ட நகை அவளுடைய சொத்து. அவள் அதிகாரம் தராமல் தந்தைகூட அதைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நகைக்கடை ரசீதுகளையும் கல்யாணப் புகைப்படங்களையும் தேடியெடுத்து அவள் கையில் கொடுங்கள். சமரசப் பேச்சில் அவளுக்கு அவை தேவைப்படும்.